அட்வான்ஸில் பிடித்தம்: குடித்தனக்காரர் மறுக்காதபடி கணக்கு எழுதுவது எப்படி?

நங்கநல்லூர் மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு முதல் மாடியில் இரண்டு படுக்கையறை கொண்ட பகுதியை 2022 ஜூன் மாதம் ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டோம். இப்போது வாடகை 18,000 ரூபாய். அட்வான்ஸ் 90,000 ரூபாய். மூன்று ஆண்டுகள் நல்லபடியாக இருந்துவிட்டு, இம்மாதம் 30 ஆம் தேதி காலி செய்கிறார்கள். இவர்களுக்கு முன்பு இருந்தவர் காலி செய்தபோது பிடித்தம் குறித்து வாசலில் நின்று பெரும் வாக்குவாதம் நடந்தது. அக்கம்பக்கத்தார் வந்து சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று. இம்முறை அப்படி நேரக் கூடாது என்று விரும்புகிறேன்.

நான் எழுதி வைத்திருக்கும் கணக்கு இது: பெயிண்டிங் 18,000 (ஒரு மாத வாடகை), சுத்தம் செய்ய 3,000, குழாய் மற்றும் மின் வேலைகள் 4,500, இதர சேதங்கள் 5,000, மின்கட்டணம் 2,400. ஆக மொத்தம் 32,900 போக, 57,100 ரூபாய் திருப்பித் தர வேண்டும். இதை அவர்கள் மனம் கோணாமல் ஏற்றுக்கொள்ளும்படி எப்படி எழுதித் தருவது? அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

---

மேடவாக்கம் குடித்தனம் எழுதியது:

நானும் இதே நிலையில்தான் இருக்கிறேன் அம்மா. நான் காலி செய்து ஏழு வாரங்கள் ஆகின்றன. வீட்டு உரிமையாளர், "புதிய ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால்தான் உங்களுடையதைத் தர முடியும்" என்கிறார். என் 60,000 ரூபாயைத் திரும்பப் பெற எங்கே புகார் கொடுக்க வேண்டும் என்று யாரேனும் சொன்னால் நன்றாக இருக்கும்.

---

சாவிக்கொத்து எழுதியது:

மேடவாக்கம் நண்பருக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டிய பாக்கிகளைக் கழித்துக்கொண்டு முன்பணத்தைத் திருப்பித் தந்துவிட வேண்டும். புதிய ஆள் வருவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. உங்கள் பகுதிக்குரிய வாடகை நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். ஆனால் இந்த இழையின் கேள்வி வேறு. விரிவாகப் பேச விரும்பினால் தனி இழை தொடங்குங்கள், அங்கு வந்து எழுதுகிறேன்.

இனி அம்மாவின் கணக்குக்கு வருகிறேன். வெளிநாட்டில் இருக்கும் சிலருடைய வீடுகளைச் சென்னையில் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். அதனால் இப்படிப்பட்ட கணக்குகளை இரு தரப்புக்கும் நடுவில் நின்று எழுதுவது எனக்குப் பழகிய வேலை. உங்கள் கணக்கில் தொகை கூடுதலா குறைவா என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன்பாக, "இதர சேதங்கள் 5,000" என்ற வரியைக் காலி செய்பவர் எந்தக் கண்ணோடு படிப்பார் என்று நினைத்துப் பாருங்கள். எந்தச் சேதம், எந்த அறையில், அதைச் சரிசெய்ய யார் எவ்வளவு கேட்டார் என்று எதுவும் அதில் இல்லை. முழு ஆயிரங்களில் முடியும் தொகையைப் பார்த்ததும், இது செலவுக் கணக்கில்லை, நமக்குத் திருப்பித் தர மனமில்லாத தொகை என்றுதான் அவருக்குத் தோன்றும். அந்த ஒரு வரி, மற்ற வரிகள் நியாயமாக இருந்தாலும் அவற்றின் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடும்.

நான் எழுதும் ஒவ்வொரு வரியிலும் நான்கு செய்திகள் இருக்கும்: சேதம் இருக்கும் இடம், அது என்ன சேதம், குடிவந்த நாளில் அந்தப் பொருள் எந்த நிலையில் இருந்தது, தொகைக்கு ஆதாரமான பில் அல்லது விலைச்சீட்டு. இந்த நான்கில் மூன்றாவதற்கு உங்களிடம் சான்று இல்லையென்றால் அந்த வரியை எழுதாமல் விட்டுவிடுவதே நல்லது. ஆகவே சொல்லுங்கள்: 2022 இல் அவர்கள் குடிவந்தபோது எடுத்த படங்கள் இருக்கின்றனவா? அப்போது புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தீர்களா? ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

---

ராமாபுரம் ராஜாங்கம் எழுதியது:

ஒரு முக்கியமான விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். புதிய சட்டப்படி மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதே சட்டவிரோதம். அம்மா ஐந்து மாத வாடகை வாங்கியிருக்கிறார்கள். ஆகவே அதிலிருந்து எதையும் பிடித்தம் செய்ய அவர்களுக்கு உரிமையே இல்லை. முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பிறகு தனியாக வழக்குப் போட்டுத்தான் சேதத்துக்குப் பணம் கேட்க முடியும்.

---

சாவிக்கொத்து எழுதியது:

ராஜாங்கம் ஐயா சொல்வதில் மூன்று மாத வரம்பு என்பது சரி. ஆனால் அந்தப் பிரிவே "மாறான உடன்பாடு இல்லாத நிலையில்" என்றுதான் தொடங்குகிறது. இருவரும் எழுத்தில் ஒப்புக்கொண்டு கூடுதலாக வாங்கியிருந்தால் அதற்கு இடமுண்டு. மேலும், திருப்பித் தரும்போது பாக்கிகளைக் கழித்துக்கொள்வதற்கு அதே சட்டம் வழி செய்திருக்கிறது. ஆகவே பிடித்தம் செய்யவே உரிமையில்லை என்ற முடிவு பொருந்தாது.

அந்தச் சட்டத்தில் நமக்கு அதிகம் பயன்படும் பகுதி இரண்டாம் அட்டவணைதான். வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாத நிலையில் எந்தப் பழுது யார் பொறுப்பு என்று அதில் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். கட்டடத்தின் பெரிய பழுதுகள், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, குழாய்ப் பாதையை மாற்றுவது, வயரிங் ஆகியவை உரிமையாளரைச் சேர்ந்தவை. குழாய் வாஷர், குழாய், சுவிட்ச், சாக்கெட், கீசர், கதவு மற்றும் அலமாரிப் பூட்டு, கொசு வலை, சன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவரைச் சேர்ந்தவை. கணக்குத் தாளுடன் இந்த அட்டவணையின் நகலையும் சேர்த்துக் கொடுத்தால், இந்தப் பிரிவினையை நீங்கள் இன்று புதிதாகச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

---

நங்கநல்லூர் மாடிவீடு எழுதியது:

ஐயா, கேட்டவற்றுக்குப் பதில் தருகிறேன். குடிவருவதற்கு முந்தைய வாரம் வீடு முழுக்க எமல்ஷன் அடித்தோம். அதன் பில் இருக்கிறது. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள் ஆகியவற்றின் படங்களை அன்றே அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். குளியலறைகளைப் படம் எடுக்கவில்லை. 2022 ஒப்பந்தத்தில் "காலி செய்யும்போது பெயிண்டிங் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்" என்ற வரி இருக்கிறது. அதன் பிறகு வாடகையை உயர்த்தியபோது, இரண்டு முறையும் ஒரு பக்கக் கடிதத்தில் புதிய வாடகையை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டோம்.

நேற்று அவர்களிடம் சொல்லிவிட்டு உள்ளே சென்று பார்த்தேன். கூடத்தின் கிழக்குச் சுவர் முழுக்கக் குழந்தை கிரேயானால் வரைந்திருக்கிறாள். மற்றச் சுவர்களில் படம் மாட்டிய ஆணித் துளைகளும், சோபா உரசிய கறையும் உள்ளன. இரண்டாவது படுக்கையறையில் அவர்களுடைய ஏசிக்காகச் சுவரைக் குடைந்த துளை அப்படியே இருக்கிறது. சிங்க் குழாய் ஒழுகுகிறது. ஒரு சன்னல் கண்ணாடியில் விரிசல். இரண்டு சன்னல்களில் கொசு வலை கிழிந்திருக்கிறது. ஓர் அலமாரியின் சாவி தொலைந்துவிட்டது. சிம்னியில் எண்ணெய் கட்டியாகப் படிந்திருக்கிறது. கீசர் பிளக் செருகும் சாக்கெட் கருகியிருக்கிறது. குளியலறைக் கதவின் அடிப்பகுதி ஊறி உப்பியிருக்கிறது. குழாய்களிலும் தரை ஓட்டிலும் வெள்ளையாக உப்புக்கறை.

---

சாவிக்கொத்து எழுதியது:

இப்போது பேசுவதற்கு ஏதோ ஒன்று கையில் இருக்கிறது அம்மா. பெயிண்டிங்கிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் சென்னையில் பெரும்பாலான சண்டைகள் அந்த ஒரு வரியில்தான் நடக்கின்றன.

உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஒப்பந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு மாத வாடகையைக் கழிப்பது முதல் வழி. அப்படியானால் "பெயிண்டிங்" என்று மட்டும் எழுதாமல், ஒப்பந்தத்தின் எந்தப் பத்தி என்பதைக் குறிப்பிட்டு, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதுங்கள். அதன் பிறகு கிரேயான் சுவர், ஆணித் துளை, கறை என்று சுவர் தொடர்பாக வேறு ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் வாங்குவதாக ஆகும். அதோடு, 2022 இல் வாடகை 18,000 ஆக இருந்திருக்காது. எந்த வாடகையைக் கணக்கில் கொள்வது என்பதையும் அவர் கேட்பார், அதற்கும் பதில் தயாராக இருக்க வேண்டும்.

சேதமான இடத்துக்கு மட்டும் பணம் கேட்பது இரண்டாவது வழி. மூன்று ஆண்டுகள் ஒரு குடும்பம் வாழ்ந்த வீட்டில் ஆணித் துளையும் சோபா கறையும் இயல்பான தேய்மானம். அவற்றை எழுத வேண்டாம். கிரேயான் சுவர் தேய்மானத்தில் சேராது, அது சேதம். ஆனால் அந்தச் சுவருக்கு மூன்று வயதாகிவிட்டது. வாடகை வீட்டில் எமல்ஷன் ஐந்து ஆண்டுகள் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், அதன் ஆயுளில் ஐந்தில் மூன்று பங்கை வாடகையாக நீங்கள் ஏற்கெனவே பெற்றுவிட்டீர்கள். மீதமுள்ள ஐந்தில் இரண்டு பங்கைத்தான் அந்தக் குழந்தையின் ஓவியம் கெடுத்தது. சுவர் 12 அடிக்கு 10 அடி என்றால் 120 சதுர அடி. பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் அடிக்கச் சதுர அடிக்கு 22 ரூபாய் என்று பெயிண்டர் எழுதித் தந்தால் 2,640 ரூபாய் ஆகும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு 1,056 ரூபாய். இந்தக் கழிவைக் கணக்குத் தாளிலேயே காட்டுங்கள். தொகையை நீங்களே குறைத்திருப்பதை எழுத்தில் பார்க்கும் ஒருவர் மற்ற வரிகளில் பேரம் பேசுவது மிகவும் குறைந்துவிடும்.

இந்த ஐந்து ஆண்டு என்பது சட்டத்தில் எழுதப்பட்டதன்று. நான் பின்பற்றும் கணக்கு. மலிவான டிஸ்டெம்பர் என்றால் மூன்று ஆண்டு என்றே எடுத்துக்கொள்வேன், அப்போது உங்கள் சுவருக்குக் கேட்பதற்கு ஒன்றுமே மிஞ்சாது.

---

ராமாபுரம் ராஜாங்கம் எழுதியது:

இதை என்னால் ஏற்க முடியவில்லை. பெயிண்டர் வீட்டுக்காரரிடம் ஐந்தில் இரண்டு பங்கா கூலி கேட்கிறார்? முழுக் கூலியும் கொடுக்க வேண்டியவர் அந்த அம்மாதான். குழந்தை கிறுக்கியிராவிட்டால் அந்தச் சுவருக்கு இப்போது செலவே இருந்திருக்காது. மேலும் ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் நிறம் ஒட்டாது. கூடம் முழுக்க அடித்தாக வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது?

---

கரணை எழுதியது:

நிறம் ஒட்டாது என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். நான் கட்டட வேலை எடுத்துச் செய்பவன். சுவரின் நடுவில் திட்டாக அடித்தால் நிச்சயம் தெரியும். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை அந்தச் சுவர் முழுவதையும் அடித்தால் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் பக்கத்துச் சுவர் வேறு திசையில் திரும்பியிருப்பதால் அதன் மேல் விழும் வெளிச்சமே வேறு. பழைய பில்லில் நிற எண் இருந்தால் கடையில் அதே நிறத்தைக் கலந்து தருவார்கள். ஆகவே ஒரு சுவர் கெட்டதற்கு ஒரு சுவருக்குத்தான் கணக்கு எழுத வேண்டும், நான்கு சுவருக்கு இல்லை.

ஆனால் நடைமுறையில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரே ஒரு சுவருக்காகப் பெயிண்டர் சதுர அடிக் கணக்கில் வர மாட்டார், நாள் கூலி கேட்பார். அம்மா வீடு முழுவதற்கும் இப்போதே அடிக்கப் போகிறார்கள் என்றால் சதுர அடி விலையை எடுத்துக்கொள்ளலாம். அந்தச் சுவரை மட்டும் அடிக்கப் போகிறார்கள் என்றால் நாள் கூலிச் சீட்டை வைத்துத்தான் எழுத வேண்டும். எதைச் செய்யப் போகிறார்களோ அதற்குரிய சீட்டுதான் செல்லும்.

ஏசித் துளையை அடைத்துப் பூசக் கொத்தனார் 900 ரூபாய் கேட்பது நியாயம். அதில் வயதுக் கழிவு எதுவும் வராது. சுவர் பழையதானாலும் துளை அவர்கள் போட்டதுதான்.

---

சாவிக்கொத்து எழுதியது:

கரணை சொன்னது முழுக்கச் சரி. ராஜாங்கம் ஐயாவின் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்தச் சுவரை எப்படியும் இரண்டு ஆண்டுகளில் அம்மா தன் செலவில் அடித்திருப்பார்கள். இப்போது அடிப்பதால் அடுத்த ஐந்து ஆண்டுக்குப் புதிய சுவர் கிடைக்கிறது. போனவரிடம் முழுக் கூலியையும் வாங்கினால், அவர் அனுபவித்து முடித்த மூன்று ஆண்டுக்கும் சேர்த்து அவரையே பணம் கட்டச் சொல்வதாகும். நீங்கள் இதை ஏற்காமல் இருக்கலாம், ஆனால் காலி செய்பவர் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்.

---

கம்பிவேலை எழுதியது:

கருகிய சாக்கெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சாக்கெட் குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை சொன்னாலும், அது ஏன் கருகியது என்பதைப் பார்க்காமல் கணக்கில் ஏற்ற வேண்டாம். மெயினை அணைத்துவிட்டு மேல்தட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே வயர் மாட்டும் திருகு தளர்ந்து, வயரின் உறையும் சேர்ந்து உருகியிருந்தால் அது வயரிங் செய்ததில் உள்ள குறை, உரிமையாளரைச் சேர்ந்தது. பிளக்கின் முள் நுழையும் வாய் மட்டும் கருகி, பின்பக்கம் சுத்தமாக இருந்தால், பிளக் தளர்வாக இருந்தபடியே பயன்படுத்தியதால் வந்திருக்கலாம். கீசருக்கு 16 ஆம்பியர் சாக்கெட் போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். 6 ஆம்பியர் சாக்கெட்டில் மாற்றுப் பிளக் வைத்துக் கீசரை ஓட்டும் ஏற்பாடு முன்பே அங்கு இருந்திருந்தால், குடியிருந்தவர்மேல் பழி சொல்வது அறமாகாது.

மின்கட்டணத்தில் 2,400 என்று எதை வைத்து எழுதினீர்கள்?

---

நங்கநல்லூர் மாடிவீடு எழுதியது:

சென்ற முறை வந்த இரண்டு மாதக் கட்டணத்தில் பாதியை எழுதினேன். ஜூன் 6 அன்று ரீடிங் எடுத்துப் போனார்கள். அவர்கள் ஜூன் 30 அன்று போகிறார்கள். அடுத்த ரீடிங் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் வரும்.

---

கம்பிவேலை எழுதியது:

பாதி என்று எழுதினால் நிச்சயம் தகராறு வரும். நம் மின்கட்டணம் படிக்கட்டு முறையில் ஏறுவது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், பிறகு யூனிட் கூடக் கூட விலையும் கூடும். 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் கீழ்ப்படிகளின் விலையே மாறிவிடும். அப்படியிருக்க, அடுத்து வரும் குடும்பம் ஜூலையில் ஏசியை ஓட்டி 500 ஐத் தாண்டினால், ஆகஸ்டில் வரும் பில்லை நாள் கணக்கில் பிரிப்பது போனவருக்கு அநியாயம். அவர் எரிக்காத மின்சாரம் அவருடைய யூனிட்டின் விலையையும் ஏற்றிவிடுகிறது.

ஆகவே 30 ஆம் தேதி சாவி வாங்கும்போது இருவரும் மீட்டர் முன் நின்று ரீடிங்கைப் படமெடுங்கள். ஜூன் 6 ரீடிங்கைக் கழித்தால் வருவது அவர்கள் எரித்த யூனிட். அதை மின்வாரியத் தளத்திலுள்ள கட்டணக் கணிப்பானில் இட்டு, வரும் தொகையை எழுதுங்கள். அந்தத் திரையின் படத்தையும் கணக்கோடு இணையுங்கள்.

---

மேடவாக்கம் குடித்தனம் எழுதியது:

இதில் எனக்கு ஓர் ஐயம். 24 நாள் மட்டும் இருந்தவருக்கு முழு 100 யூனிட்டும் இலவசமாகக் கொடுத்தால், அடுத்து வருபவருக்கு அந்தச் சுற்றில் இலவச யூனிட்டே இருக்காதே? நாள் கணக்கில் பிரித்தால் இவருக்கு 40 யூனிட்தானே வரும்?

---

கம்பிவேலை எழுதியது:

அப்படியும் வாதிடலாம். மின்வாரியத்தின் கண்ணில் அது ஒரே இணைப்பு. குடியிருப்பவர் மாறுவதை அது கணக்கில் கொள்வதில்லை. ஜூலையில் வீடு காலியாகக் கிடக்கப் போகிறதென்றால் முழு 100 யூனிட்டையும் போகிறவருக்கே கொடுத்துவிடுவது நல்லது. உடனே புதியவர் வருகிறார் என்றால் 40 என்று பிரிப்பதிலும் நியாயம் இருக்கிறது. எந்த முறையானாலும் காலி செய்வதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

---

சாவிக்கொத்து எழுதியது:

முன்பே சொல்லுதல் என்பதைத்தான் நானும் அடுத்து எழுத நினைத்தேன். அம்மா, கணக்கை 30 ஆம் தேதி வண்டியில் சாமான் ஏறிக்கொண்டிருக்கும்போது நீட்டாதீர்கள். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சேர்ந்து அறை அறையாக நடந்து, பார்த்ததை அங்கேயே ஒரு தாளில் எழுதி, "இவை இப்படியே இருந்தால் தோராயமாக இவ்வளவு ஆகும், நீங்களே சரிசெய்துவிட்டால் இந்த வரியை எடுத்துவிடுவேன்" என்று சொல்லுங்கள். அலமாரிப் பூட்டையும் கொசு வலையையும் பெரும்பாலோர் தாங்களே மாற்றிவிடுவார்கள், உங்கள் விலையைவிடக் குறைவாகவும் முடிப்பார்கள். அப்படித் தாமே கைப்பட முடித்தவர்கள், மிஞ்சிய வரிகளை எதிர்க்க வருவதில்லை.

குளியலறைக் கதவு உப்பியது தண்ணீர் படும் இடத்தில் மரக்கதவு போட்டதன் விளைவு. அதை எழுத வேண்டாம். உங்களிடம் பழைய படமும் இல்லை. சிம்னி எண்ணெய் பிசுக்கு வேறு. அது சமைத்தவர்கள் துடைக்க வேண்டியது, சுத்தம் செய்பவர் தரும் ரசீதோடு எழுதலாம். வீட்டைப் பெருக்கித் துடைப்பது அடுத்த ஆளுக்காக நீங்கள் செய்வது. ஆகவே 3,000 இல் சிம்னிக்கு மட்டும் உரியதைப் பிரித்தெடுங்கள்.

---

ராமாபுரம் ராஜாங்கம் எழுதியது:

உப்புக்கறையை விட்டுவிட்டீர்களே? எங்கள் பகுதியிலும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். வாரம் ஒருமுறை துடைத்திருந்தால் அவ்வளவு படியாது. துடைக்காதது அவர்கள் அலட்சியம். ஆசிட் ஊற்றிக் கழுவுவதற்கு 1,500 ரூபாயாவது பிடிக்க வேண்டும்.

---

கரணை எழுதியது:

ஆசிட் வேண்டாம் ஐயா. ஓட்டின் மெருகும் போகும், இடையிலுள்ள சிமெண்ட் பூச்சும் அரித்துப்போகும், குரோம் குழாய் கறுத்துவிடும். பிறகு அது யார் செய்த சேதம் என்று வேறு ஒரு வழக்கு தொடங்கும். கறை யாருடைய பொறுப்பு என்பதில் எனக்கும் உறுதியான கருத்து இல்லை. வீட்டுக்கு வரும் தண்ணீரே உப்பாக இருந்தால் குடியிருப்பவரை எவ்வளவு தூரம் குறை சொல்ல முடியும்?

---

சாவிக்கொத்து எழுதியது:

உப்புக்கறையில் நானும் இரு விதமாகவும் செய்திருக்கிறேன். குடிவந்த நாளில் குழாய் பளபளப்பாக இருந்ததற்குப் படம் இருந்து, இப்போது திருகவே முடியாதபடி கட்டியிருந்தால் குழாயின் விலையில் ஒரு பங்கைக் கேட்டதுண்டு. படம் இல்லாத இடத்தில் கேட்டதில்லை.

---

நங்கநல்லூர் மாடிவீடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பார்த்தோம். சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்ததில் பின்பக்க வயரே உருகியிருந்தது. ஆகவே அதை என் செலவில் மாற்றிவிட்டேன். அன்று எழுதிய தாளை இங்கே தருகிறேன்.

கூடம், கிழக்குச் சுவர், கிரேயான்: விலைச்சீட்டு 2,640; மூன்று ஆண்டுக் கழிவு போக 1,056.
இரண்டாம் படுக்கையறை, ஏசித் துளை அடைப்பு: கொத்தனார் சீட்டுப்படி 900.
சமையலறை, சிங்க் குழாய் மாற்றம்: கடை பில்லும் கூலியும் சேர்த்து 850.
முன் அறை, சன்னல் கண்ணாடி ஒன்று: 650.
கொசு வலை, இரண்டு சன்னல்கள்: 1,400, பழைய வலை என்பதால் பாதி, 700.
அலமாரிப் பூட்டு: 450.
சிம்னி சுத்தம்: 1,200.

மின்கட்டணம் தவிர்த்து 5,806 ரூபாய். ஊரெல்லாம் ஒரு மாத வாடகை பிடிக்கும்போது நான் மட்டும் விட்டுக்கொடுப்பதா என்று என் மகன் கேட்கிறான். ஒப்பந்த வரியை நம்பி 18,000 பிடித்தால் அவர்கள் மறுக்க முடியுமா?

---

சாவிக்கொத்து எழுதியது:

வாடகையை மட்டும் மாற்றிய கடிதங்கள் பழைய நிபந்தனைகளைத் தொடரவைக்கின்றன என்பது உங்கள் பக்க வாதம். அவை "மற்றவை முன்போலவே" என்று சொல்லவில்லை என்பது அவர்கள் பக்க வாதம். எது நிற்கும் என்று ஒரு வழக்கறிஞர் அந்தக் கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் சொல்ல முடியும். உடன்பாடு இருந்தால் வெள்ளையடிக்கும் செலவைக் குடியிருப்பவர்மேல் வைக்கச் சட்டம் தடை சொல்லவில்லை. ஆகவே உங்கள் மகன் சொல்வதைத் தவறென்று நான் சொல்ல மாட்டேன். அந்த வழியை எடுத்தால் மேலே உள்ள முதல் வரியை நீக்கிவிட்டு, வீட்டுக்கு அடித்த பெயிண்டின் பில்லையும் பிறகு அவர்களுக்கு அனுப்புங்கள். ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு பெயிண்டே அடிக்காமல் புதியவரைக் குடிவைத்ததைப் பார்த்து மனம் கசந்துபோன குடித்தனக்காரர்கள் நிறைய.

---

நங்கநல்லூர் மாடிவீடு எழுதியது:

நேற்றுக் காலி செய்தார்கள். பூட்டையும் வலையையும் அவர்களே மாற்றிவிட்டார்கள். ஆகவே 1,150 ரூபாய் கணக்கிலிருந்து நீங்கி 4,656 ஆனது. ஒப்பந்த வரியை நான் பயன்படுத்தவில்லை. மீட்டரில் 190 யூனிட் வந்தது, 100 யூனிட்டையும் அவர்களுக்கே விட்டுக் கணித்ததில் 300 ரூபாயைத் தாண்டவில்லை. சிம்னி வரி ஒன்றில் மட்டும் உடன்பாடு வரவில்லை. தாங்கள் வந்தபோதே அதில் பிசுக்கு இருந்தது என்கிறார்கள். என் படத்தில் சிம்னியின் வெளிப்பக்கம் மட்டுமே தெரிகிறது. அந்த 1,200 தீரும் வரை முழுப் பணத்தையும் நிறுத்தி வைப்பதா?

---

சாவிக்கொத்து எழுதியது:

வேண்டாம் அம்மா. இருவரும் ஒப்புக்கொண்ட பிடித்தங்களைக் கழித்து, 1,200 ஐ மட்டும் நிறுத்தி வைத்து, மீதியை இன்றே வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள். ரசீதில் "முழுத் தீர்வு" என்று எழுதி வாங்க வேண்டாம். "சிம்னி சுத்தம் 1,200 தவிர மற்றவை இருவருக்கும் ஒப்புதல்" என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 85,000 ரூபாய்க்கு அருகில் கையில் வந்தபின் 1,200 க்காக யாரும் வாடகை நீதிமன்றத்துக்குப் போவதில்லை. உள்பக்கப் படம் இல்லாத நிலையில், நானாக இருந்தால் அதில் பாதிக்கு இறங்கி வருவேன்.

---

மேடவாக்கம் குடித்தனம் எழுதியது:

தனி இழை தொடங்கிவிட்டேன் ஐயா. என் உரிமையாளர் நேற்று அனுப்பிய கணக்கையும் அதில் சேர்த்திருக்கிறேன். "இதர சேதங்கள் 12,000" என்று ஒரு வரி இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.